நடந்ததா, தவறியதா, செய்ய வேண்டியதா? விசாரணை ஆணைய அறிக்கையைச் சுருக்க மூன்று வடிவங்கள்: ஓர் ஒப்பீடு

கரூர் வேலுசாமிபுரத்தில் 2025 செப்டம்பர் 27 அன்று கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்த பிறகு, இத்தகைய துயரங்களை விசாரிக்கும் நீதிபதி ஆணையங்களின் அறிக்கையை எந்த வடிவில் சுருக்கினால் சரியாக இருக்கும் என்று கேட்டு ஈரோடு, திருப்பூர், கோவைப் பகுதிகளிலிருந்து சிலர் எனக்கு எழுதினார்கள். ஒருவர் கோபியில் வழக்கறிஞர். ஒருவர் தம் ஊர்ப் படிப்பகத்தில் மாதந்தோறும் ஓர் அறிக்கையை எடுத்து விளக்குபவர். மற்றொருவர் பண்ணாரி குண்டம் போன்ற பெருங்கூட்டங்களில் தன்னார்வலராக நின்று, வரிசை ஒழுங்கைப் பார்த்துக்கொள்பவர். கரூர் நிகழ்வுக்காக அமைக்கப்பட்ட ஒரு நபர் ஆணையத்தின் பணியை உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபர் 13இல் நிறுத்திவைத்து, வழக்கைச் சிபிஐயிடம் ஒப்படைத்ததால், அந்த ஆணையத்தை எடுத்துக்காட்டாக வைத்து இங்கே பேச வழியில்லை. அதே வகைத் துயரத்தை விசாரித்து முழுமையான அறிக்கை தந்த வேறொரு விசாரணையை எடுத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆணைய அறிக்கையை நான்கு பக்கமாகச் சுருக்கி ஒரு படிப்பகத்தில் வாசித்தேன். வாசித்து முடித்ததும் முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "ஏனுங்க, கதவத் தொறந்து வெச்சிருக்கோணும்னு படிச்சீங்களே, அது அன்னிக்குத் தொறக்காம உட்ட தப்பச் சொல்றதுங்களா, இனிமே தொறந்து வெக்கோணும்னு சொல்றதுங்களா?" என்று கேட்டார். என் சுருக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அதிலிருந்து விடை சொல்ல முடியவில்லை. மூல அறிக்கையில் அது குற்றச்சாட்டு. என் கையில் அது அறிவுரையாக மாறியிருந்தது.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் அந்தப் பெரியவரின் கேள்விதான். சுருக்கத்தில் உள்ள எந்த வாக்கியத்தைத் தொட்டாலும், அது ஆணையம் கண்டறிந்த செய்தியா, யாரோ ஒருவர் மீது சுமத்திய பொறுப்பா, வருங்காலத்துக்கான பரிந்துரையா என்று வாசகருக்கு உடனே தெரிய வேண்டும்.

இரண்டாவது, ஆணையம் எவ்வளவு உறுதியோடு சொன்னதோ அந்த உறுதி கூடவோ குறையவோ கூடாது. "ஆணையம் முடிவுக்கு வருகிறது", "ஆணையம் கருதுகிறது", "என்று சாட்சி கூறினார்" ஆகிய மூன்றும் வெவ்வேறு எடை கொண்டவை. இடம் மிச்சமாகிறது என்று இந்த வால்களை வெட்டினால், சாட்சி ஒருவரின் கூற்று நீதிபதியின் முடிவாகிவிடும்.

மூன்றாவது, பழி சுமத்தப்பட்டவருக்குச் செய்யும் நியாயம். 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டத்தில் 8பி பிரிவு, ஒருவரின் நற்பெயர் பாதிக்கப்படக்கூடும் என்று ஆணையம் கருதினால் அவருக்கு விளக்கம் அளிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. அந்த வாய்ப்பைத் தராமல் ஒருவரைப் பற்றி எழுதிய கருத்துகள் நிற்காது என்பதைப் பிஹார் மாநில வழக்கொன்றில் 2003இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆணையத்துக்கே இந்தக் கட்டுப்பாடு இருக்கும்போது, ஆணையம் "துறை தவறியது" என்று எழுதிய இடத்தில் நாம் அந்தத் துறையின் அதிகாரி பெயரைப் போட்டு "அவர் தவறினார்" என்று எழுதக் கூடாது. மேலும், ஆணையத்தின் முடிவு தீர்ப்பு ஆகாது; அது அரசுக்குத் தரும் கருத்து, தானாக நிறைவேற்றும் வலு அதற்கு இல்லை என்று 1958இல் டால்மியா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. எனவே "குற்றவாளி", "தண்டனை" ஆகிய சொற்களுக்குச் சுருக்கத்தில் இடமே இல்லை.

நான்காவது, மூலத்துக்குத் திரும்பும் வழி. ஒவ்வொரு கூற்றுக்கும் பத்தி எண் இருந்தால்தான் ஐயம் வந்தவர் போய்ப் பார்க்க முடியும்.

## தமிழில் மூன்றும் எங்கே கலக்கின்றன

வடிவங்களுக்குப் போகுமுன், கலப்பு வாக்கியத்துக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது என்பதைக் காட்ட வேண்டும்; எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் இதைக் கவனிக்காவிட்டால் பயனில்லை.

"மூடியிருக்க வேண்டும்" என்பது நடந்து முடிந்ததைப் பற்றிய குறை. "மூட வேண்டும்" என்பது இனிமேலுக்கான பரிந்துரை. இரண்டுக்கும் நடுவே இருப்பது "இருக்க" என்ற ஒரு துணைவினை மட்டும். "மூடி வைத்திருக்க வேண்டும்" என்று எழுதினாலோ இரு பொருளும் வரும். நான் படிப்பகத்தில் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான். அடுத்தது "ஆல்" உருபு. "வாயிலைத் திறந்ததால் நெரிசல் ஏற்பட்டது" என்று எழுதும்போது காரண முடிவு ஒன்றை நாமே எடுத்துவிடுகிறோம், "வாயில் திறக்கப்பட்டது, அடுத்த சில நிமிடங்களில் நெரிசல் கடுமையானது" என்பது நிகழ்ச்சி வரிசை மட்டுமே. மூன்றாவது, "விட்டுவிட்டார்கள்", "தவறிவிட்டார்கள்", "கோட்டைவிட்டார்கள்" போன்ற முடிவுகள். "மூடவில்லை" என்பது செய்தி. "மூடத் தவறிவிட்டார்கள்" என்பது பழி. இந்த "தவறி" ஆணையத்தினுடையதா நம்முடையதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நேர்மாறாக, "சுரங்கவழி மூடப்படவில்லை" என்று செயப்பாட்டு வினையில் முடித்தால், ஆணையம் பெயர் சொல்லிச் சுமத்திய பொறுப்பு ஆளில்லாமல் போய்விடும்.

## எடுத்துக்காட்டு: ஹில்ஸ்பரோ

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் 1989 ஏப்ரல் 15 அன்று நடந்த நெரிசலை நீதிபதி டெய்லர் விசாரித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் இடைக்கால அறிக்கையும், 1990 ஜனவரியில் இறுதி அறிக்கையும் வந்தன. இடைக்கால அறிக்கை வந்தபோது இறந்தோர் 95 பேர். பின்னாளில் அந்த எண்ணிக்கை 97 ஆயிற்று.

நிகழ்ச்சியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேற்குப் பக்கத்தில் நின்று பார்க்கும் படித்தளத்துக்கு 10,100 பேருக்கு அனுமதி. அவர்கள் உள்ளே போக 7 சுழல்வாயில்கள் மட்டுமே இருந்தன. வெளியே கூட்டம் ஆபத்தான அளவுக்குச் சேர்ந்தது. பிற்பகல் 2.52 மணிக்குக் காவல்துறையின் ஆணைப்படி சி வாயில் திறக்கப்பட்டு, 2,000க்கும் மேற்பட்டோர் உள்ளே வந்தனர். எதிரே தெரிந்த சுரங்கவழி அவர்களை, வேலியிட்டுப் பிரித்த படித்தளத்தின் பகுதிகளில் நடுவிலிருந்த 3, 4ஆம் அடைப்புகளுக்குக் கொண்டுசேர்த்தது. அவை ஏற்கெனவே நிரம்பியிருந்தன. பக்கவாட்டு அடைப்புகளில் இடம் இருந்தது. ஆட்டம் 3.06க்கு நிறுத்தப்பட்டது.

இதைப் பலர் "காவல்துறை கதவைத் திறந்ததால் சாவு நேர்ந்தது" என்று ஒரு வரியில் சுருக்குகிறார்கள். டெய்லரின் கடுமையான கண்டனம் வேறிடத்தில் இருக்கிறது: வாயிலைத் திறக்க ஆணையிட்டபோது நடு அடைப்புகளுக்குப் போகும் சுரங்கவழியை மூட ஆணையிடாததையே அவர் மிகப் பெரிய தவறு என்று எழுதினார். அடைப்புகளில் அளவுக்கு மீறி ஆள் சேர்ந்ததை உடனடிக் காரணமாகவும், காவல்துறையின் கட்டுப்பாடு தவறியதை முதன்மைக் காரணமாகவும் கண்டார். வேறு காரணங்களும் இருந்தன என்றும் சொன்னார். ஒரு வரிச் சுருக்கத்தில் இந்த அடுக்குகள் அனைத்தும் நசுங்கிவிடுகின்றன.

## வடிவம் 1: அத்தியாய வரிசை

அறிக்கை எந்த வரிசையில் போகிறதோ அதே வரிசையில் ஒவ்வோர் அத்தியாயத்தையும் சில வரிகளாக்குவது இது. எழுதுவதற்கு எளிது, பத்தி எண்கள் இயல்பாகவே ஏறுவரிசையில் வரும், எதையும் விட்டுவிட்டோமா என்ற அச்சமும் குறைவு. டெய்லரின் இடைக்கால அறிக்கை என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி என்ன என்ற முறையில் தானே பிரிந்து நிற்பதால், அதற்கு இந்த வடிவம் நன்றாகப் பொருந்துகிறது.

மறைந்திருக்கும் செலவு வேறு. எல்லா நீதிபதிகளும் அப்படிப் பிரித்து எழுதுவதில்லை. நம் நாட்டு அறிக்கைகள் பலவற்றில் சாட்சி வாரியாக வாக்குமூலமும், உடனே அதன் மீதான நீதிபதியின் கருத்தும், அதே பத்தியில் ஓர் அறிவுரையும் வருவதைக் காணலாம். அதை வரிசை மாறாமல் சுருக்கினால் மூலத்தின் கலப்பு நம் சுருக்கத்தில் இன்னும் அடர்த்தியாகும். சாட்சியத்துக்கு மூலத்தில் 200 பக்கம் இருப்பதால் சுருக்கத்திலும் அதுவே பெரும்பங்கைப் பிடித்துக்கொள்ள, முடிவுரை கடைசிப் பக்கத்தில் ஒடுங்கிவிடும்.

கோபி வழக்கறிஞருக்கு இதைத்தான் சொன்னேன். அவர் மூல அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கப் போகிறவர். அவருக்கு வேண்டியது வழிகாட்டும் பலகை. எந்தச் சாட்சி என்ன சொன்னார் என்பதும் அவருக்கு முக்கியம். ஆணையத்தின் முன் ஒருவர் அளித்த வாக்குமூலத்தை, பொய்ச் சாட்சியத்துக்கான வழக்கு தவிர, வேறு உரிமையியல், குற்றவியல் வழக்கில் அவருக்கெதிராகப் பயன்படுத்த முடியாது என்று அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்வதை அவர் அறிவார். பொதுவாசகர் அறியமாட்டார், ஆகவே அவருக்கு இந்த வடிவத்தைத் தரும்போது சாட்சியப் பகுதியின் தலையில் அதை எழுதிவைப்பது நல்லது.

## வடிவம் 2: முப்பிரிவு

அறிக்கை முழுவதையும் பிரித்தெடுத்துக் கண்டறிந்தவை, பொறுப்பு, பரிந்துரைகள் என்ற மூன்று தலைப்புகளின் கீழ் அடுக்குவது இது. படிப்பகத்தில் வாசிப்பதற்கும் செய்தித்தாளில் வருவதற்கும் இதைவிடப் பாதுகாப்பான வடிவம் இல்லை என்பது என் முடிவு.

செய்யும் முறையைச் சொல்கிறேன். அறிக்கையை முதன்முறை படிக்கும்போது எதையும் எழுதுவதில்லை. இரண்டாம் முறை மூன்று நிறப் பென்சில்களோடு உட்காருகிறேன்: செய்திக்கு நீலம், பழிக்குச் சிவப்பு, பரிந்துரைக்குப் பச்சை. ஒரே வாக்கியத்தில் இரண்டு நிறம் விழுந்தால் அந்த வாக்கியத்தை வெட்டி இரண்டாக்குகிறேன். ஹில்ஸ்பரோவில் அப்படி வெட்டினால் இப்படி வரும். கண்டறிந்தவை: "சி வாயில் 2.52க்குத் திறக்கப்பட்டபோது 3, 4ஆம் அடைப்புகள் நிரம்பியிருந்தன. சுரங்கவழி திறந்தே இருந்தது." பொறுப்பு: "சுரங்கவழியை மூட ஆணையிடாததற்கு அன்றைய காவல் தலைமையை நீதிபதி பொறுப்பாக்குகிறார்." பரிந்துரை: "ஒவ்வோர் அடைப்புக்கும் தனித்தனி உச்ச அளவு வரையறுக்கப்பட வேண்டும், கூட்டத்தின் நிலையைக் கவனிப்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட ஒருவர் ஒவ்வோர் அடைப்பிலும் இருக்க வேண்டும்." முதல் பகுதியில் எழுவாய் நிகழ்ச்சி, இரண்டாவதில் எழுவாய் நீதிபதி, மூன்றாவதில் வினை "வேண்டும்" என்று முடிகிறது. இந்த மூன்று இலக்கணக் குறிகளும் தவறாமல் நின்றால், தலைப்பைக் கவனிக்காத வாசகருக்கும் வாக்கியமே தன் இனத்தைச் சொல்லிவிடும்.

இதற்கும் செலவு உண்டு, அது முடித்த பிறகுதான் தெரியும். பிரித்து அடுக்கியதில் தொடர்பு அறுந்துபோகிறது. மூன்றாம் பிரிவில் "சுழல்வாயில்களின் கடக்கும் வேகத்தை அளக்க வேண்டும்" என்று படிக்கும் வாசகர், முதல் பிரிவில் வந்த 10,100 பேரையும் 7 வாயில்களையும் மறந்திருப்பார். எனவே முதல் பிரிவின் ஒவ்வொரு கூற்றுக்கும் ஓர் எண் கொடுத்து, மற்ற இரு பிரிவுகளிலும் "கூற்று 4ஐப் பார்க்க" என்று சுட்ட வேண்டியிருக்கிறது. வேலை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. இன்னொன்று, பொறுப்பை மட்டும் தனிப் பக்கத்தில் திரட்டி வைத்தால், அந்தப் பக்கத்தை மட்டும் படமெடுத்துப் பரப்புவது எளிது. அதனால் அந்தப் பக்கத்தின் முதல் வரியாக, இது ஆணையத்தின் கருத்து, நீதிமன்றத் தீர்ப்பு அன்று என்பதை நான் எப்போதும் எழுதுகிறேன். ஹில்ஸ்பரோவிலேயே இதற்குக் காரணம் கிடைக்கிறது: 1989இல் நீதிபதியின் கண்டனத்துக்கு ஆளான காவல் பொறுப்பு அதிகாரி, 2019இல் குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றவாளி அல்லர் என்று விடுவிக்கப்பட்டார். அதற்கு மூன்றாண்டு முன்புதான், 2016இல், இறப்பு விசாரணை நடுவர்கள் இறந்தோர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்று முடிவு செய்திருந்தனர். மூன்று மன்றங்கள், மூன்று கேள்விகள், மூன்று விடைகள். ஒன்றை மற்றொன்றின் சொல்லால் எழுதக் கூடாது.

## வடிவம் 3: காரண அட்டவணை

ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு வரிசை. அந்த வரிசையில் செய்தி, பொறுப்பு, பரிந்துரை மூன்றும் பக்கம் பக்கமாக நிற்கும்.

| கண்டறிந்தது | பொறுப்பு | பரிந்துரை |
|---|---|---|
| வாயில் திறந்தபோது சுரங்கவழி மூடப்படவில்லை | காவல்துறை | ஒவ்வோர் அடைப்புக்கும் உச்ச அளவு. கவனிக்கத் தனி ஆள் |
| 10,100 பேருக்கு 7 சுழல்வாயில் | மைதானக் கழகம், காவல்துறை | சுழல்வாயிலின் கடக்கும் வேகத்தை அளத்தல் |
| 1979இன் பாதுகாப்புச் சான்றிதழ் திருத்தப்படவில்லை | மாநகர மன்றம் | சான்றிதழை உடனே மறுஆய்வு செய்தல் |
| ரசிகர்கள் வாயிலை உடைத்தனர் என்ற கூற்று பொய் | காவல் பொறுப்பு அதிகாரி | (இல்லை) |
| (இல்லை) | (இல்லை) | எல்லாருக்கும் இருக்கை, 1990 இறுதி அறிக்கை |

திருவிழாத் தன்னார்வலருக்கு இதைத்தான் பரிந்துரைத்தேன். யார் மீது பழி என்பதைவிட, எந்தக் குறைக்கு எந்த மருந்து என்பதே அவருக்கு வேண்டும். குண்டத்துக்கான வரிசை ஓரிடத்தில் குறுகினால், அந்த இடத்துக்கு எத்தனை பேர் என்ற அளவு யாரிடம் இருக்கிறது, அதை யார் நின்று பார்க்கிறார் என்று முதல் வரிசையைப் படித்த உடனே அவர் கேட்கத் தொடங்கிவிட்டார்.

ஆனால் கடைசி இரு வரிசைகளில் உள்ள வெற்றுக் கட்டங்களைப் பாருங்கள். பொய்க் கூற்றுக்கு நேரான பரிந்துரை இல்லை. அனைவருக்கும் இருக்கை என்ற பரிந்துரை, நாடு முழுவதும் உள்ள மைதானங்களின் பாதுகாப்பை ஆராய்ந்து இறுதி அறிக்கையில் சொல்லப்பட்டது. அதை அன்றைய நிகழ்ச்சியின் ஒரு காரணத்தோடு கட்டிவைக்க முடியாது. அட்டவணை எழுதுபவருக்கு வெற்றுக் கட்டம் உறுத்தும். எதையாவது இட்டு நிரப்பக் கை துறுதுறுக்கும். அப்படி நிரப்பினால், ஆணையம் இணைக்காத இரண்டை நாம் இணைத்தவர்களாகிறோம். இதுவே இந்த வடிவத்தின் மிகப் பெரிய ஆபத்து, மேலே சொன்ன இரு வடிவங்களிலும் இது இல்லை. வெற்றுக் கட்டத்தில் "(இல்லை)" என்று எழுதும் துணிவு இல்லாதவர் இந்த வடிவத்தைத் தொடாமல் இருப்பதே மேல். கட்டம் சிறியதாக இருப்பதால் உறுதியின் அளவும் முதலில் இங்கேதான் பலியாகிறது. "கருதுகிறது", "முடிவு செய்கிறது" என்பதைக் குறிக்க ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொல்லுக்காவது இடம் விட வேண்டும்.

துறை வாரியாகப் பிரிப்பது நான்காவது வடிவம் என்று சிலர் சொல்வார்கள். அது பழியை முதுகெலும்பாக்கி, மற்ற இரண்டையும் அதில் தொங்கவிடுகிறது. ஓர் அரசு அலுவலகத்தின் உள் பயன்பாடு தவிர வேறெதற்கும் அதை நான் எடுப்பதில்லை.

## பக்கம் பக்கமாக

| அளவுகோல் | அத்தியாய வரிசை | முப்பிரிவு | காரண அட்டவணை |
|---|---|---|---|
| இனம் தெரிதல் | மூலத்தைப் பொறுத்தது | மிகத் தெளிவு | தெளிவு |
| உறுதியின் அளவு | நன்கு நிற்கும் | நிற்கும் | எளிதில் கரையும் |
| பழிக்கு ஆளானவருக்கு நியாயம் | நடுத்தரம் | நன்று, முன்குறிப்பு இருந்தால் | வெற்றுக் கட்டத்தை நிரப்பாவிட்டால் நன்று |
| மூலத்துக்கு வழி | மிக எளிது | எண்கள் தேவை | எண்கள் தேவை |
| உழைப்பு | குறைவு | அதிகம் | மிக அதிகம் |

என் வழக்கம் இதுதான்: அட்டவணையை எனக்கான பணித்தாளாக முதலில் போட்டுக்கொள்கிறேன், எந்தப் பழிக்கு ஆதாரச் செய்தி இல்லை, எந்தப் பரிந்துரைக்குக் காரணம் இல்லை என்பது வெற்றுக் கட்டங்களில் தெரிந்துவிடும். பொதுவாசகருக்கு வெளியிடுவது முப்பிரிவை. ஒரு நாளில் முடித்தாக வேண்டும், மூல அறிக்கையும் நன்கு பிரித்து எழுதப்பட்டிருக்கிறது என்றால் அத்தியாய வரிசை போதும்.

எந்த வடிவத்திலும் ஒரு பகுதியைப் பிரித்துத் தனித்தாளில் வைக்கிறேன்: அரசின் மறுமொழி. ஆணையச் சட்டத்தின் 3(4) பிரிவுப்படி, அறிக்கை தரப்பட்ட ஆறு மாதத்துக்குள் அதைச் சட்டமன்றத்தில் நடவடிக்கைக் குறிப்போடு வைக்க வேண்டும். "பரிந்துரை ஏற்கப்பட்டது" என்பது அரசின் வாக்கியம், ஆணையத்தின் வாக்கியம் அன்று. அதைப் பரிந்துரைப் பிரிவுக்குள் எழுதினால், ஏற்கப்படாத பரிந்துரைகளை ஆணையமே சொல்லாதது போலத் தோன்றும். அந்தத் தாளின் மேலே இரண்டு தேதிகளை எழுதுகிறேன், அறிக்கை அரசிடம் தரப்பட்ட நாள் ஒன்று, சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட நாள் மற்றொன்று. கீழே ஒவ்வொரு பரிந்துரையின் எண்ணுக்கு எதிரிலும் ஒரு வரி இடம் விட்டுவைக்கிறேன்.